ஆறு வயசுப் பல்லும் ஒரு துண்டுச் சீட்டும்

எங்கள் வீதிக் குடியிருப்போர் சங்கத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பல் டாக்டர் வந்து பேசப் போகிறார். சர்க்கரை, பல் துலக்கும் பழக்கம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் பல் பரிசோதனை, இந்த மூன்றும்தான் தலைப்பு. போன வாரம் சங்கச் செயலாளர் போன் பண்ணினார். "சார், பேசி முடிச்சதும் கேள்வி இருக்கான்னு கேட்டா எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கறாங்க. நீங்க எழுதறவர். பத்து கேள்வி எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் கொடுத்துடுவேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் யாராவது கேட்டாலும் என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த மாதிரிக் கூட்டங்களில் இருபது வருஷமாகப் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த பேஸ்ட் நல்லது? உப்பு போட்டது நல்லதா, கிராம்பு போட்டது நல்லதா? பல்லை கிளீன் பண்ணினால் ஆட்டம் கொடுக்குமாமே? மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமாமே? டாக்டர் சிரித்துக்கொண்டே "போகாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். டீ வரும்.

நான் மூன்று கேள்விதான் எழுதிக் கொடுத்தேன். செயலாளருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஏன் மூன்று, ஏன் அந்த மூன்று என்று சொல்ல வேண்டுமானால், முதலில் ஒரு துண்டுச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் என் தப்பும் இருக்கிறது.

எங்கள் வீதி முனையில் இஸ்திரி போடும் அம்மாவுக்கு ஒரு பையன், ஒரு பெண். பையன் ரெண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து எல்லாப் பிள்ளைகளின் வாயையும் பார்த்துவிட்டு, சிலருக்கு மட்டும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அவர் என்னிடம் கொண்டுவந்தார். "ஐயா, இங்கிலீஷ்ல இருக்கு, என்னன்னு பார்த்துச் சொல்லுங்க." பையனின் பெயர், வகுப்பு, அதன் கீழே 46, பக்கத்தில் பல் சொத்தை என்பதற்கான ஆங்கிலச் சொல், அதற்கும் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் என்று ஒரு வரி. அவ்வளவுதான் சீட்டு.

முப்பது வருஷத்துக்கும் மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். 46 என்பதை வரிசை எண் என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பில் நாற்பத்தாறாவது பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்தேன். "பல்லுல சொத்தையாம். ஆஸ்பத்திரியில காட்டச் சொல்றாங்க" என்றேன். அந்த அம்மா, "ஏழு வயசுதானே ஐயா ஆவுது, பால் பல்லு, விழுந்துடும் இல்ல?" என்று கேட்டார். "ஆமாம், விழுந்து முளைக்கிற வயசுதான்" என்று நானும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் பையனின் வலது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. ரெண்டு ராத்திரி தூங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பல்லை வைத்துக் காப்பாற்ற முயற்சி செய்யலாம், ஆனால் இந்த வயசில் வேரின் நுனி இன்னும் மூடவில்லை, பல தடவை வந்து போக வேண்டியிருக்கும், அப்படியும் நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். ஒருநாள் இஸ்திரி வண்டி நின்றால் அந்த அம்மாவுக்கு அன்றைய வருமானம் இல்லை. பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கின பிறகுதான் அது பால் பல் இல்லை, இனிமேல் முளைக்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் வந்து அதைச் சொன்னபோது கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் 46 என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன். பல் டாக்டர்கள் வாயை நான்கு கால் பாகமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் வலது மேல்பக்கம் 1, இடது மேல்பக்கம் 2, இடது கீழ்ப்பக்கம் 3, வலது கீழ்ப்பக்கம் 4. பிறகு ஒவ்வொரு பாகத்திலும் நடுவிலிருந்து பின்னோக்கி 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போவார்கள். எனவே அது நாற்பத்தாறு இல்லை, நான்கு, ஆறு. வலது கீழ்ப்பக்கத்தில் ஆறாவது பல். பால் பல்லாக இருந்தால் பாகத்தின் எண் 5, 6, 7, 8 என்று போகும். பால் பல்லில் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். அதனால் வலது கீழ்ப்பக்கத்துக் கடைசிப் பால் பல் 85. சீட்டில் 85 என்று இருந்திருந்தால், ஒருநாள் விழுகிற பல் என்று நான் சொன்னது சரி. 46 என்றால் சாகும்வரை இருக்க வேண்டிய பல். இரண்டே இலக்கம். கோப்பு எண்ணைப் பார்த்து இலாகாவைச் சொல்லத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. பழைய பாண்டிச்சேரிக்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும், நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்தப் பல்லுக்குப் பிரெஞ்சில் வீட்டுப் பெயரே உண்டு. 'தான் து சீஸான்' என்பார்கள், ஆறு வயசுப் பல் என்று அர்த்தம். டாக்டர் பாஷை இல்லை அது, பாட்டிகள் பேசுகிற பாஷை. சின்ன வயசில் கேட்ட வார்த்தைதான். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை. தமிழில் பால் பல்லுக்குப் பெயர் இருக்கிறது, சிங்கப்பல் இருக்கிறது, கடைவாய்ப் பல் இருக்கிறது, தெற்றுப்பல்லுக்குக்கூட இருக்கிறது. ஆறு வயசில் முளைக்கும் இந்தப் பல்லுக்கு மட்டும் வீட்டில் வழங்குகிற பெயர் இல்லை. பெயர் இல்லாத காரணத்தால் அது வந்ததே வீட்டுக்குத் தெரிவதில்லை. முன்பல் விழுந்து முளைத்தால் ஊரே பார்க்கும். கூரை மேல் வீசுவார்கள். இந்தப் பல்லோ எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் இருக்கிற வெறும் ஈறில், மேலே இரண்டு கீழே இரண்டு என்று சத்தமில்லாமல் வருகிறது. எதுவும் விழவில்லையே, அப்போது இதுவும் பால் பல்தான் என்று எந்தத் தாயும் நினைப்பாள்.

ஆறு வயசில் வந்த பல் ஏழு வயசுக்குள் எப்படிச் சொத்தையாகும்? என் முதல் கேள்வி அதிலிருந்து வந்தது.

டாக்டரிடம் எல்லோரும் கேட்பது, எவ்வளவு சர்க்கரை சாப்பிடலாம் என்று. அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே பதில் சொல்லிவிட்டது. உணவிலிருந்து கிடைக்கிற மொத்த சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்த சர்க்கரையிலிருந்து வரக் கூடாது, அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது, அதாவது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன். உடம்புக்கு அந்தக் கணக்கு சரி. பல்லுக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். எத்தனை ஸ்பூன் என்பதோடு எத்தனை தடவை என்றும் எண்ண வேண்டும்.

பல்லின் மேல் படியும் அழுக்குப் படலத்தில் இருக்கும் கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940-களில் இதை அளந்து காட்டினார். வாயில் இனிப்பு பட்ட சில நிமிஷங்களிலேயே அந்தப் படலத்தில் புளிப்பு ஏறி, பல்லின் எனாமலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிற அளவுக்குப் போய்விடுகிறது. பிறகு எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சரி செய்கிறது. அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். சரியான பிறகு, கரைந்ததில் கொஞ்சம் பல்லிலேயே திரும்பவும் படிகிறது. வரவும் செலவும் மாதிரி. ஒரு ஸ்பூன் சர்க்கரையானாலும் மூன்று ஸ்பூன் ஆனாலும் ஒரு தடவை செலவு ஒரு தடவைதான், பெரிய வித்தியாசம் இல்லை. தடவைகள் கூடினால்தான் வரவுக்கு நேரமே இல்லாமல் போகிறது.

அந்தப் பையனின் ஒரு நாளைக் கேட்டு எழுதிப் பார்த்தேன். காலை ஆறரைக்குச் சர்க்கரை போட்ட டீ, அதில் தொட்ட ரெண்டு பிஸ்கட். பத்தரை மணி இன்டர்வெலுக்குக் கிரீம் பிஸ்கட். மத்தியானச் சாப்பாட்டில் இனிப்பு இல்லை. நாலு மணிக்குப் பள்ளி வாசலில் ஒரு மிட்டாய். அஞ்சு மணிக்கு அம்மாவோடு வண்டியில் டீயும் பன்னும். டியூஷனில் ஏழு மணிக்கு இன்னொரு சாக்லேட், வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டே எழுதுவானாம். ராத்திரி படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிஷம் என்று வைத்தாலும் நாலு மணி நேரம் பல் கரைகிறது. அதிலும் கடைசிப் பால் மோசம், தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், அதனால் சரிசெய்ய ஆள் இல்லை. எல்லாம் சேர்த்தால் அவன் தின்ற சர்க்கரை அதிகம் என்றுகூடச் சொல்ல முடியாது. என் வீட்டுப் பேரப் பிள்ளைகள் ஒரே வேளையில் ஐஸ்கிரீமாகச் சாப்பிடுகிற அளவுதான்.

இது ஊகம் இல்லை. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் வீப்பேஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியவர்களின் விடுதியில் 1940-களில் சோதித்தே பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்து இனிப்புக் கொடுத்தவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. சாப்பாட்டுக்கு இடையிடையே பல்லில் ஒட்டும் மிட்டாயைக் கொடுத்தவர்களுக்கு மளமளவென்று கூடியது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர்களின் பல்லைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. அந்த நாட்டிலேயே அதை இன்று கறையாகத்தான் பேசுகிறார்கள். அதற்கப்புறம் அங்கே பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்று ஒரு வழக்கம் வந்தது.

ஆகவே என் முதல் கேள்வி: டாக்டர், இனிப்பை நிறுத்து என்று சொன்னால் யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆறு தடவையை மூன்றாக்க எந்த மூன்றை முதலில் எடுக்கச் சொல்வீர்கள்? படுக்கைப் பாலில் சர்க்கரையை எடுப்பதா, டியூஷன் சாக்லேட்டை எடுப்பதா, இன்டர்வெல் பிஸ்கட்டுக்குப் பதில் கடலையோ சுண்டலோ கொடுப்பதா? வெல்லம், கருப்பட்டி, தேன் என்றால் பரவாயில்லையா என்று யாராவது குறுக்கே கேட்பார்கள். கிருமிக்கு அந்தப் பேதம் கிடையாது. இதில் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது பிறந்தநாள், நாற்பது நாள் நடுக்காலையில் சாக்லேட். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. பிள்ளைக்கு வருஷத்தில் ஒருநாள் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுக்கச் சொல்லலாம் இல்லையா?

ரெண்டாவது கேள்வி பல் துலக்குவது பற்றி. ஆலங்குச்சி, வேப்பங்குச்சி, உமிக்கரி, பல்பொடி எல்லாவற்றிலும் துலக்கி வளர்ந்தவன் நான். எழுபது தாண்டியும் பாதிப் பற்கள் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நான் வளர்ந்த காலத்தில் எங்கள் தெருவில் கிரீம் பிஸ்கட்டும் கிடையாது. குச்சியை மட்டும் புகழ்வது நியாயமில்லை. இன்று பல்லைக் காப்பாற்றுவது பிரஷ்ஷை விட பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடுதான். கரைந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து திரும்பப் படிவதற்கு அது உதவுகிறது. டியூபின் முதுகைப் படித்தால் ஃபுளோரைடு எத்தனை பிபிஎம் என்று போட்டிருக்கும். சொத்தையைத் தடுக்க 1000 பிபிஎம் அளவில் இருக்க வேண்டும். நம் நாட்டு விதிப்படி அதற்கு மேல் போகவும் கூடாது. குழந்தைகளுக்கென்று பொம்மை படம் போட்டு விற்கும் சில டியூபுகளில் அதில் பாதிகூட இல்லை, சிலவற்றில் அறவே இல்லை. மூன்று வயசுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயசு வரை பட்டாணி அளவு போதும், விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் நீளத்துக்கு வேண்டாம். தர்மபுரி மாதிரித் தண்ணீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் இந்தக் கணக்கை அங்குள்ள டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் நான் எழுதிக் கொடுத்த கேள்வி பேஸ்ட் பற்றி இல்லை. துலக்கி முடித்ததும் நாம் செய்வதைப் பற்றி. நம் வீடுகளில் பல் தேய்த்தால் ஒரு செம்பு தண்ணீர் எடுத்து நாலு தடவை கொப்பளித்து, தொண்டை வரை காறித் துப்பினால்தான் சுத்தம். இப்போது டாக்டர்கள், நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்காதே என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கின ஃபுளோரைடைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுகிறோம். காலையில் அதை மாற்றிக்கொள்ள எனக்கே முடியவில்லை. வாயில் பேஸ்ட் வாசனையோடு காபி குடிக்க முடியாது. ராத்திரி மாற்றிக்கொண்டேன். படுக்கப் போகும் முன் துலக்கி, துப்பி, அதற்கப்புறம் எதையும் வாயில் வைப்பதில்லை. ராத்திரி துலக்குவதுதான் முக்கியம், காலையில் ஒரு தடவை மட்டும் துலக்குகிற நம் வழக்கம் வாய் நாற்றத்துக்குத்தான் மருந்து.

இந்த ஆறு வயசுப் பல்லுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஈறைப் பிளந்துகொண்டு முழு உயரத்துக்கு வர அதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை பக்கத்துப் பால் பல்லை விடத் தாழ்ந்து கிடக்கும். பிள்ளை பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுக்கும்போது பிரஷ் உயரமான பல்லில் உரசிக்கொண்டு போகும், பள்ளத்தில் இருக்கிற இதைத் தொடவே தொடாது. அதன் தலையில் ஆழமான கோடுகள் வேறு. சோறும் பிஸ்கட்டும் அங்கேதான் தங்கும். புதுப் பல்லின் எனாமல் இன்னும் முற்றாமல் இருக்கும் மாதங்களும் இவைதான். கன்னத்தின் பக்கமாக பிரஷ்ஷைக் குறுக்கே நுழைத்து, அந்த ஒரு பல்லின் மேல் மட்டும் தேய்க்க வேண்டும். ஆறு வயசுப் பிள்ளையால் அது முடியாது. ஏழு எட்டு வயசு வரை பெரியவர் ஒருவர்தான் பிடிக்க வேண்டும். ஆகவே என் கேள்வி: டாக்டர், ஒரு பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு, அந்தப் பல்லை எங்கள் எல்லோருக்கும் டார்ச் அடித்துக் காட்டி, எப்படித் தேய்ப்பது என்று செய்து காட்டுவீர்களா? பெரிய பிளாஸ்டிக் பல்செட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதில் எல்லாப் பல்லும் ஒரே உயரம்.

மூன்றாவது கேள்வியைச் செயலாளர் படித்துவிட்டு, "இது வந்த விருந்தாளியைக் கேட்கற கேள்வியா சார்?" என்றார். அதை நானே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்த ஓர் அலுவலகத்தில், பள்ளிகளிலிருந்து வரும் மருத்துவப் பரிசோதனைப் படிவங்களைத் தொகுத்து மேலே அனுப்புவது என் மேஜை வேலை. மூன்று பத்தி இருக்கும். பரிசோதிக்கப்பட்ட பிள்ளைகள், குறை காணப்பட்டவர்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்கள். கூட்டிப் போட்டுக் கையெழுத்துக்கு வைப்பேன். கூட்டல் தப்பினால் திட்டு விழும். அனுப்பப்பட்டவர்களில் போனவர்கள் எத்தனை பேர், போனவர்களில் பல் அடைத்துக்கொண்டு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு நாலாவது பத்தி கிடையாது. பத்தி இல்லாததை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. படிவத்தில் இல்லாததைக் கேட்பது குமாஸ்தா வேலை இல்லை என்று அப்போது நினைத்தேன்.

இப்போது 2013 முதல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டம் இருக்கிறது. பிறந்த குழந்தையிலிருந்து 18 வயசு வரை பார்க்கிறார்கள், அரசுப் பள்ளிகளுக்கு வருஷம் ஒருமுறை வண்டியில் குழு வருகிறது, முப்பது வகைக் குறைகளில் பல் சொத்தையும் ஒன்று. நல்ல ஏற்பாடு. இருதயத்தில் ஓட்டை, அன்னப்பிளவு போன்றவை கண்டுபிடிக்கப்பட்டுப் பிழைத்த பிள்ளைகள் உண்டு. ஆனால் இருதயத்துக்குச் சீட்டு கொடுத்தால் தாய் ஓடுவாள். பல்லுக்குக் கொடுத்தால், வலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் வைப்பாள். வலிக்கும்போது பாதி நேரம் காரியம் கடந்திருக்கும்.

இங்கிலாந்தில் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். வடமேற்குப் பகுதியில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பள்ளிவாரியாகப் பிரித்து, சிலரைப் பரிசோதித்துச் சீட்டு கொடுத்தார்கள், சிலரைப் பரிசோதிக்கவே இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சொத்தை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. 2006-ல் அந்த முடிவு வந்ததும், எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி வாய் பார்க்கும் பழைய முறையைத் தொடரத் தேவையில்லை என்று அங்குள்ள குழுவே சொல்லிவிட்டது. நம்மூரிலும் நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் பல் டாக்டர் இருப்பார், பிள்ளைக்கு இலவசம். இங்கே பல பிள்ளைகளின் வாயை டாக்டர் பார்ப்பதே அந்த ஒரு நாள்தான். ஆனால் சீட்டு மட்டும் பல்லை அடைக்காது என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

பிரான்சில் இருக்கும் என் அக்கா மகளின் பையனுக்கு ஆறு வயசானபோது, மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கே கடிதம் வந்தது. 2007 முதல் அங்கே அப்படி. முதலில் 6, 9, 12, 15, 18 வயசுகளில் இருந்தது, இப்போது மூன்று வயசிலிருந்தே தொடங்குகிறார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு தனக்குப் பிடித்த டாக்டரிடம் போகலாம். பரிசோதனைக்குக் காசில்லை. அதில் சொத்தை தெரிந்தால் அடைப்பதற்கும் காசில்லை. "மாமா, கையிலிருந்து ஒரு யூரோ போகல" என்றாள். பல்லை நேராக்கும் கம்பிக்கு இது பொருந்தாதாம். கடிதம் வந்தும் போகாதவர்கள் அங்கும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் போனவர்களுக்குப் பார்ப்பதும் அடைப்பதும் ஒரே கோப்பில் இருக்கிறது. நான் தொகுத்த படிவத்தில் பார்ப்பது மட்டும்தான் இருந்தது.

அதனால் மூன்றாவது கேள்வி இப்படி: டாக்டர், போன வருஷம் நீங்கள் பார்த்த பள்ளிகளில் சீட்டு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் உங்களிடம் வந்தார்கள்? தெரியாது என்றால் சீட்டின் அடிக்கட்டையைப் பள்ளியில் வைத்து, ஒரு மாதம் கழித்து ஆசிரியர் யார் போகவில்லை என்று பார்க்க முடியுமா? சீட்டில் 46 என்று எழுதும்போது, 'இது விழாத பல்' என்று தமிழில் மூன்று வார்த்தை சேர்க்க முடியுமா? காலை நேர ஓ.பி.க்கு வந்தால் கூலி போகும் தாய்மாருக்கு மாதத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியுமா? அல்லது, பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குப் பதில், சொத்தை வராத ஆறு வயசுப் பல்லின் கோடுகளைப் பள்ளியிலேயே பூசி அடைத்துவிட முடியாதா? அப்படி ஒரு பூச்சு இருக்கிறது. மருந்தில்லை, ஊசியில்லை, துளை போடுவதில்லை. பல்லைத் துடைத்து உலர வைத்து, கோடுகளில் மெல்லியதாக ஊற்றி இறுக வைக்கிறார்கள், ஒரு பல்லுக்குச் சில நிமிஷம். எச்சில் பட்டால் நிற்காது, அதனால் முழுதாக வெளியே வந்த பல்லுக்குத்தான் சரியாகப் பிடிக்கும். சில வருஷம் கழித்துப் பெயர்ந்துவிட்டதா என்று பார்க்கவும் வேண்டும். ஏற்கெனவே குழி விழுந்த பல்லுக்கு இது உதவாது. அந்தப் பையனுக்குச் சீட்டு கொடுத்த அன்று இது காலம் கடந்த யோசனை. ஒரு வருஷம் முன்னால் என்றால் கடந்திருக்காது.

நேற்று இஸ்திரித் துணி வாங்கப் போனபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னேன். "பொண்ணுக்கு இந்தத் தை வந்தா ஆறு முடியுதுய்யா" என்றார். பிள்ளை வண்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என் கைபேசி வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, கீழ் வரிசையில் நடுவிலிருந்து எண்ணிக் காட்டினேன். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சாவதுக்குப் பின்னால், வலப் பக்கத்தில், ஈறுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. இடப் பக்கம் இன்னும் வரவில்லை. அந்த அம்மா கரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதுதானா அது?" என்றார்.